வெள்ளத்தால் நின்றுபோன கல்யாணமும் மண்டப ஒப்பந்தமும்: ஃபோர்ஸ் மஜர், டெபாசிட், அட்ரிஷன்

கேள்வி: லாபிஸ் டவுனில் 40 மேசை போடும் சின்ன மண்டபம் நடத்துகிறோம். கோலாலம்பூர் ஹோட்டல் ஒன்றின் ஒப்பந்தத்தைப் பார்த்து எங்களுடையதை எழுதினோம். 400 பேர், தலைக்கு 55 வெள்ளி, சாப்பாடும் மண்டபமும் சேர்த்து. டெபாசிட் 2,000, அப்புறம் 9,000 என்று 11,000 வெள்ளி வாங்கியாகிவிட்டது. சனிக்கிழமை விருந்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது வெள்ளம். மண்டபத்துக்குள் தண்ணீர் வரவில்லை. சிகாமட் பக்கச் சாலையை மூடிவிட்டார்கள், யோங் பெங் பக்கம் திறந்திருந்தது. மாப்பிள்ளை வீடு சிகாமட். வியாழன் மாலை பெண் வீட்டார் நிறுத்திவிட்டார்கள், இப்போது முழுப் பணத்தையும் கேட்கிறார்கள். எங்கள் தாளில் ஃபோர்ஸ் மஜர் விதியின் கீழ் “கட்டிய பணம் திரும்பக் கிடைக்காது” என்று இருக்கிறது. கொடுக்க வேண்டுமா? அட்ரிஷன் என்று ஒரு விதியும் இருக்கிறது, அது எதற்கு? இனி எப்படி எழுதுவது?

பதில்: முழுப் பணத்தையும் வைத்துக்கொள்வது கஷ்டம். முழுப் பணத்தையும் கொடுக்க வேண்டும் என்றும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் எந்த இடம் என்பது உங்கள் தாளில் வெள்ளத்தைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது, அது செல்லுமா என்பதைப் பொறுத்தது. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

ஃபோர்ஸ் மஜர் என்பது யார் கையிலும் இல்லாத சம்பவத்தால் ஒப்பந்தத்தை நிறைவேற்ற முடியாமல் போவது. மலேசியாவில் அதற்கு என்று பொதுச் சட்டம் கிடையாது. ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் உண்டு, எழுதாவிட்டால் இல்லை. எழுதாதபோது கைகொடுப்பது ஒப்பந்தச் சட்டம் 1950-இன் 57ஆம் பிரிவு. ஒப்பந்தம் போட்ட பிறகு, அந்தக் காரியம் செய்யவே முடியாததாகவோ சட்டவிரோதமாகவோ ஆகிவிட்டால் ஒப்பந்தம் செல்லாமல் போகும் என்பது அதன் சாரம். கஷ்டமாகிவிட்டது, செலவு கூடிவிட்டது, வருகிறவர்கள் குறைந்துவிட்டார்கள் என்பதெல்லாம் இதற்குப் போதாது. குவான் ஐக் மோ வழக்கில் 2007-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்ன அளவுகோல்களில் முதலாவது உங்களுக்கு முக்கியம்: நடந்த சம்பவத்துக்கு ஒப்பந்தத்தில் ஏற்பாடு எதுவும் இல்லாமல் இருக்க வேண்டும். ஏற்பாடு இருந்தால் முதலில் அதைத்தான் பார்ப்பார்கள். ஆக, நீங்கள் எழுதிவைத்த வெள்ள விதிதான் முதல் கேள்வி.

அந்த விதி ஹோட்டல்காரர் தனக்காக எழுதியது. வெள்ளம் வந்தால் மண்டபத்துக்குப் பொறுப்பில்லை, பணமும் மண்டபத்துக்கே என்கிறது. வீட்டாருக்கு அதில் ஒன்றும் இல்லை. மண்டபமே மூழ்கி நீங்கள் கதவைத் திறக்க முடியாமல் போனாலும் 11,000 உங்களுக்கு, அவர்களுக்கு விருந்தும் கிடையாது, பணமும் கிடையாது. பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் 1999-இல் பின்னால் சேர்த்த 3A பகுதி இந்த மாதிரி நியாயமற்ற விதிகளைத்தான் குறிவைக்கிறது. விதியின் உள்ளடக்கம் ஒருபக்கமாக இருக்கிறதா என்று பார்ப்பதோடு, கையெழுத்துப் போட்டவருக்கு அது புரிந்ததா, மாற்றிக் கேட்க வாய்ப்பு இருந்ததா என்றும் பார்ப்பார்கள். தமிழ்ப் பள்ளியோடு படிப்பை முடித்த ஒரு தோட்டத்துப் பெரியவரிடம் ஆங்கிலத் தாளை நீட்டி, கடைசிப் பக்கத்தில் கையெழுத்து வாங்கியிருந்தால் அங்கேயே உங்கள் பக்கம் இறங்கிவிடும். அவர்கள் பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குப் போகலாம். 50,000 வெள்ளி வரை அங்கே கேட்கலாம், வழக்கறிஞர் வைக்கத் தேவையில்லை, மனுச் செலவும் மிகக் குறைவு. அதனால் “கேஸ் போடமாட்டார்கள்” என்ற கணக்கில் இருக்க வேண்டாம்.

அந்த விதியை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் இரண்டு வழி இருக்கிறது. இரண்டுக்கும் கணக்குப் போட்டுப் பாருங்கள், ஏன் இந்தச் சண்டை பெரிதாகிறது என்று புரியும்.

முதல் வழி, வெள்ளத்தால் ஒப்பந்தமே செல்லாமல் போனது என்பது. அப்படியானால் சிவில் சட்டம் 1956-இன் 15ஆம் பிரிவு வருகிறது. ஏற்கெனவே கட்டிய பணம் திரும்பப் போக வேண்டும், இனிக் கட்ட வேண்டியதைக் கட்டத் தேவையில்லை. ஆனால் இந்த விருந்துக்காக நீங்கள் அதுவரை செய்த செலவை, நியாயம் என்று பட்டால், பிடித்துக்கொள்ள நீதிமன்றம் அனுமதிக்கலாம். உங்கள் கேட்டரிங்காரர் வியாழனுக்குள் 1,200 வெள்ளிக்கு அரிசி, பருப்பு, எண்ணெய், மசாலா வாங்கியிருக்கிறார், மேடை அலங்காரத்துக்கு 600 வெள்ளி கொடுத்தாகிவிட்டது என்று வையுங்கள். ஆட்டிறைச்சியும் கோழியும் இன்னும் வாங்கவில்லை. பில் இருந்தால் 1,800 உங்களுக்கு, 9,200 அவர்களுக்கு. அரிசியும் எண்ணெயும் அடுத்த விருந்துக்கு ஓடும் என்றால் 1,800 கூட வராது. லாபம் என்ற பேச்சே இந்த வழியில் இல்லை.

இரண்டாவது வழி, மண்டபம் தயாராக இருந்தது, வீட்டார்தான் ரத்து செய்தார்கள் என்பது. அப்போது உங்கள் நட்டம் வேறு. தலைக்கு 55 வெள்ளியில் பொருளுக்கும் சமையலுக்கும் 30 போகிறது என்றால் மிச்சம் 25. 400 பேருக்கு 10,000. அதோடு வீணாகிப்போன செலவையும் சேர்த்தால் கையில் இருக்கும் 11,000-க்குப் பக்கத்தில் வந்துவிடும். ஒரே வெள்ளம், ஒரே தாள். ஒரு வழியில் 1,800, இன்னொரு வழியில் கிட்டத்தட்ட முழுப் பணம்.

உங்கள் விஷயம் இரண்டுக்கும் நடுவில் மாட்டியிருக்கிறது. மண்டபம் காய்ந்துதான் இருந்தது, ஒரு சாலை திறந்திருந்தது. இது உங்கள் பக்கம். மாப்பிள்ளை வீடே மூடிய சாலைக்கு அந்தப் பக்கம். இது அவர்கள் பக்கம். மாப்பிள்ளை இல்லாமல் என்ன விருந்து? சாலையை மூடியது போலீசா, பொதுப்பணி இலாகாவா, எப்போது மூடினார்கள், சனிக்கிழமை திறந்தார்களா, கிளைச் சாலை வழியாகச் சுற்றி வர முடிந்ததா என்பதை முதலில் உறுதிசெய்யுங்கள். வடிகால் நீர்ப்பாசன இலாகாவின் publicinfobanjir.water.gov.my தளத்தில் ஆறுகளின் நீர்மட்டம் பதிவாகும், அந்த நாட்களுக்கு உள்ளதை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை காலையிலேயே சாலை திறந்து, அவர்கள் பயத்தில் வியாழனே நிறுத்தியிருந்தால் உங்கள் கை ஓங்கும். ஞாயிறு வரை மூடியிருந்தால் அவர்கள் கை ஓங்கும்.

என் யோசனை இது. 11,000-ஐயும் அப்படியே அடுத்த தேதிக்கு வரவு வைக்கிறோம், விலை ஏற்றமாட்டோம் என்று முதலில் எழுத்தில் சொல்லுங்கள். லாபம் உங்களுக்குத் தள்ளித்தான் போகிறது, போய்விடவில்லை. அவர்கள் கோயில் மண்டபத்தில் சின்னதாக முடித்துவிட்டோம், வேண்டாம் என்றால், பில் காட்டி உண்மைச் செலவைக் கழித்துவிட்டு மீதியைக் கொடுங்கள். சனிக்கிழமை சாலை மூடித்தான் இருந்தது என்றால் நான் இதற்குமேல் இழுக்கமாட்டேன். நாளைக்கு இதே குடும்பத்தின் தம்பி கல்யாணத்துக்கும் அந்த டவுனில் உங்கள் மண்டபம்தான்.

இடையில் ஒன்று. நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்துச் சட்டம் இருக்கிறதே, அதைக் காட்டிப் பணம் வாங்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். 2020-இல் வந்த 829ஆம் சட்டம் கல்யாணம், விருந்து, மாநாடு போன்ற நிகழ்ச்சி ஒப்பந்தங்களுக்கு 18 மார்ச் 2020-இலிருந்து தற்காலிகப் பாதுகாப்புக் கொடுத்தது. அது கோவிட் கட்டுப்பாடுகளுக்கு மட்டும். அதிலும், சட்டம் வெளியாவதற்கு முன்பே மண்டபங்கள் பறிமுதல் செய்துவிட்ட டெபாசிட் செல்லும் என்று இன்னொரு பிரிவு சொல்லிவிட்டது. வெள்ளத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இனி டெபாசிட். உங்கள் தாளில் 2,000-மும் 9,000-மும் ஒரே சொல்லில் இருக்கின்றன. அங்கேதான் பாதித் தகராறு. தேதியைப் பிடித்துவைக்க வாங்குவது ஒன்று, அது வீட்டார் வாக்குத் தவறமாட்டார்கள் என்பதற்கான உறுதித் தொகை. விலையில் ஒரு பகுதியை முன்கூட்டி வாங்குவது இன்னொன்று. நாற்காலி உடைந்தால், சுவரில் ஆணி அடித்தால் கழித்துக்கொள்ள வாங்குவது மூன்றாவது, அது விருந்து முடிந்ததும் திரும்பப் போக வேண்டியது. மூன்றுக்கும் தனிப் பெயர், தனி ரசீது போடுங்கள். வாக்குத் தவறினால் பறிமுதல் ஆகக்கூடியது முதலாவது மட்டும்தான். முன்பணம் உங்கள் பெட்டியில் இருக்கிறது என்பதாலேயே உங்களுடையது ஆகிவிடாது. வைத்துக்கொள்ள நட்டம் காட்ட வேண்டும்.

அந்த முதல் தொகையும் எவ்வளவு வேண்டுமானாலும் இருக்க முடியாது. ஒப்பந்தச் சட்டத்தின் 75ஆம் பிரிவின்படி, தாளில் எழுதிய தொகை உச்சவரம்புதான், அதற்குள் நியாயமான இழப்பீடு கிடைக்கும். 1995-இல் செல்வகுமார் வழக்கில் கூட்டரசு நீதிமன்றம், நட்டத்தை நிரூபித்தால்தான் தொகை என்று கடுமையாகச் சொன்னது. பின்னால் கியூபிக் எலக்ட்ரோனிக்ஸ் வழக்கில் அதே நீதிமன்றம் அதைத் தளர்த்தியது. ஒவ்வொரு முறையும் சென் கணக்கில் நட்டம் காட்டத் தேவையில்லை. ஆனால் அந்தத் தொகை காப்பாற்ற நினைக்கும் நலன் நியாயமானதா, தொகை அதற்கு மிஞ்சிப்போகிறதா என்று பார்ப்போம் என்றது. உண்மையான டெபாசிட்டையும் இதே கண்ணால்தான் பார்ப்பார்கள். 22,000 வெள்ளி விருந்துக்கு 2,000 டெபாசிட் என்பது பத்தில் ஒரு பங்குகூட இல்லை, இதை நீங்கள் தைரியமாக வைத்துக்கொள்ளலாம். 11,000 முழுவதையும் டெபாசிட் என்று பெயரிட்டுவிட்டால் அந்தத் தைரியம் போய்விடும்.

உங்கள் நலன் என்ன? அந்தச் சனிக்கிழமையை வேறு ஒருவருக்குக் கொடுக்க முடியாமல் போவது. அதனால் தொகையைத் தேதியோடு கட்டுங்கள். மூன்று மாதத்துக்கு முன்பே ரத்து செய்தால் 500 மட்டும் பிடிப்போம், மூன்று மாதத்துக்குள் என்றால் 2,000 முழுவதும், கடைசி ஒரு மாதத்தில் என்றால் 2,000-மும் காட்டக்கூடிய நட்டமும். அதே தேதியை வேறு ஒருவர் எடுத்துக்கொண்டால் 500 போக மீதியைத் திருப்புவோம். இந்தக் கடைசி வரி இல்லாத தாள்கள்தான் நிறைய. ஒரே சனிக்கிழமைக்கு இரண்டு வீட்டாரிடம் பணம் வாங்கிய மண்டபம் என்று பேர் எடுத்தால், லாபிஸ் மாதிரி டவுனில் அது யாரிடமும் மறையாது.

அட்ரிஷன் பெரிய ஹோட்டல்களின் தேவைக்கு வந்தது. மாநாட்டுக்கு 200 அறை பிடித்துவிட்டு 120 மட்டும் எடுத்தால் மீதி 80 அறை காலியாகக் கிடக்கும், அதற்கு ஈடு கேட்கும் விதி அது. உங்களிடம் அறை கிடையாது. ஆள் குறைவதுதான் இருக்கிறது. அதனால் அதை “குறைந்தபட்ச ஆள் கணக்கு” என்று எழுதினாலே போதும். ஆனால் விதியைத் தூக்கிவிடச் சொல்லமாட்டேன், சாப்பாடு நீங்கள் போடுவதால் அது தேவை.

400 என்று பேசிவிட்டு, பத்து நாளைக்கு முன் 300 என்கிறார்கள் என்று வையுங்கள். பத்து சதவீதக் குறைவை மன்னிக்கிறீர்கள், அதாவது 360 வரை பேச்சில்லை. அதற்குக் கீழே 60 பேர். ஹோட்டல் தாளின்படி 60 பேருக்கும் முழு 55 வெள்ளி, ஆக 3,300. ஆனால் அந்த 60 பேருக்கு நீங்கள் ஒரு பிடி அரிசிகூட வாங்கவில்லை. 30 வெள்ளி உங்களிடம் மிஞ்சிவிட்டது. போனது தலைக்கு 25, ஆக 1,500. இதைத்தான் எழுத வேண்டும்: கடைசிக் கணக்கு சொல்லும் நாளுக்கு முன் குறைத்தால் தலைக்கு 25, அந்த நாளுக்குப் பிறகு குறைத்தால் முழு விலை, ஏனென்றால் அதற்குள் பொருள் வாங்கியாகிவிடும். கடைசி நாளுக்கு முன்னும் பின்னும் ஒரே கட்டணம் போடும் விதி 75ஆம் பிரிவில் மாட்டும்.

நம் வீடுகளில் பத்திரிகை குடும்பத்தோடு வரச்சொல்லிப் போகிறது. யாரும் வருகிறேன், வரவில்லை என்று சொல்வதில்லை. 400 என்பதே ஊகம். அதனால் பத்து நாளைக்கு முன் ஒரு கணக்கு, நான்கு நாளைக்கு முன் இன்னொன்று என்று இரண்டு தவணை கொடுப்பது நல்லது. முதலாவது மளிகைக்கு, இரண்டாவது இறைச்சிக்கு. கூடினால் எப்படி என்பதையும் எழுதுங்கள். புஃபேயில் சாப்பிட்டவர்களை எண்ணத் தட்டுக் கணக்குதான் நடைமுறை. விருந்து தொடங்குமுன் அடுக்கியிருக்கும் தட்டுகளை வீட்டார் தரப்பில் ஒருவரும் உங்கள் ஆளும் சேர்ந்து எண்ணி, தாளில் கையெழுத்துப் போட்டு, முடிந்ததும் மீதியை மறுபடி எண்ண வேண்டும். ஒரே ஆள் இரண்டு தட்டு எடுப்பது உண்டு, அதற்கு எவ்வளவு கழிப்பது என்று முன்பே பேசிவையுங்கள். இரவு பதினொரு மணிக்கு மொய்ப் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு பேசுகிற பேச்சில்லை அது.

இரண்டு விதியும் ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். விருந்தே நடக்காவிட்டால் ரத்து விதி மட்டும். ஆள் கணக்கு விதி, விருந்து நடந்தால் மட்டும். இதை எழுதாவிட்டால், ரத்து செய்தவரிடம் டெபாசிட்டையும் வைத்துக்கொண்டு “400-க்கு நீங்கள் ஒருவரும் வரவில்லை” என்று அட்ரிஷனும் கேட்க இடமுண்டு. ஒரே நட்டத்துக்கு இருமுறை பணம் எந்த மன்றத்திலும் நிற்காது.

வெள்ளமும் ஆள் கணக்கும் சந்திக்கும் இடத்தைத்தான் கிட்டத்தட்ட எல்லாத் தாளும் விட்டுவிடுகிறது. உங்கள் சம்பவத்தையே கொஞ்சம் மாற்றுங்கள். மாப்பிள்ளை வீட்டார் எப்படியோ வந்துவிட்டார்கள், விருந்து நடந்தது, சிகாமட் பக்கத்து உறவினர் வர முடியாமல் 400-க்கு 180 பேர்தான் வந்தார்கள். மண்டபம் திறந்திருந்ததால் ஃபோர்ஸ் மஜர் இல்லை. கடைசிக் கணக்கு 400 என்று சொல்லியாகிவிட்டதால் முழு விலை. சட்டப்படி சரியாகக்கூட இருக்கலாம், ஆனால் 220 பேர் சாப்பாட்டை அண்டாவில் பார்த்துக்கொண்டு எந்த அப்பா பணம் கட்டுவார்? இதற்கு ஒரு பாலம் வேண்டும்: டவுனுக்கு வரும் முக்கியச் சாலையை அதிகாரிகள் மூடினால், வராதவர்களுக்கு வாங்கிய பொருள், சமைத்த செலவு மட்டும் கட்டினால் போதும், சமைக்குமுன் தகவல் சொன்னால் அந்த அளவைக் குறைப்போம்.

இதையெல்லாம் சேர்த்து வெள்ள விதியைத் திருப்பி எழுதும்போது ஒரு சொல்லை விட்டுவிடுங்கள், “எதிர்பாராத”. நவம்பர் முதல் மார்ச் வரை ஜொகூரில் மழை வெள்ளம் எதிர்பார்க்கக்கூடியதுதான். 2023 மார்ச் தொடக்கத்தில் சிகாமட் மாவட்டம் எப்படி இருந்தது என்று உங்களுக்கே தெரியும். எதிர்பாராத சம்பவம் என்று எழுதினால், இது வருஷா வருஷம் வருவதுதானே என்று எதிர்த்தரப்பு ஒரே வரியில் விதியைச் சாய்த்துவிடும். கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்டது என்று எழுதி, எது எது என்று பெயர் சொல்லிவிடுங்கள். ஏறக்குறைய இப்படி:

“மண்டபத்துக்குள் வெள்ளம் புகுதல், மண்டபத்தை அதிகாரிகள் துயர்துடைப்பு மையமாக எடுத்துக்கொள்ளுதல், விருந்து நேரத்தில் மின்சாரம் நான்கு மணி நேரத்துக்கு மேல் இல்லாமல் போதல், லாபிசுக்கு வரும் முக்கியச் சாலை அதிகாரிகள் உத்தரவால் மூடப்பட்டு மணமக்களோ அவர்களின் பெற்றோரோ வர முடியாமல் போதல், அரசு கூட்டங்களைத் தடை செய்தல் ஆகியவற்றில் எது நேர்ந்தாலும், இரு தரப்பில் யாரும் வாட்ஸ்அப்பில் எழுத்துமூலம் தெரிவித்து விருந்தைத் தள்ளிவைக்கலாம். கட்டிய பணம் முழுவதும் 12 மாதத்துக்குள் ஒரு புதிய தேதிக்கு அதே விலையில் வரவாகும். இரு தரப்புக்கும் ஒத்துவரும் தேதி அமையாவிட்டால், ரசீதோடு காட்டிய செலவைக் கழித்து மீதியை 30 நாளில் மண்டபம் திருப்பித் தரும்.”

12 மாதம் என்று போட்டதற்குக் காரணம் இருக்கிறது. ஹோட்டல் தாள்களில் ஆறு மாதம் என்று இருக்கும். மார்ச்சில் தள்ளிப்போன விருந்துக்கு ஆறு மாதம் என்றால் செப்டம்பர். நடுவில் ஆடி, முடிவில் புரட்டாசி. மீதி நாட்களில் சனி ஞாயிறு மட்டும்தான் நம்மவர்களுக்கு ஆகும், அதிலும் நல்ல தேதிகளை வேறு வீட்டார் முன்பே பிடித்திருப்பார்கள். தேதியே கிடைக்காத வரவு வெறும் காகிதம்தான்.

சாவும் தீட்டும் ஃபோர்ஸ் மஜரில் வராது. சட்டமும் அதை அப்படிப் பார்க்காது. ஆனால் பங்காளி வீட்டில் ஒருவர் தவறிவிட்டால் நம் வீடுகளில் கல்யாணம் நிற்கும், நீங்களும் வற்புறுத்தமாட்டீர்கள். அதனால் அதைத் தனி வரியாக எழுதுங்கள்: இன்னின்ன உறவில் இறப்பு நேர்ந்தால், இறப்புச் சான்று காட்டி ஒரு முறை தேதி மாற்றலாம், வாங்கி முடித்த பொருளுக்கு மட்டும் பணம். எந்த உறவு வரை என்று பெயர் சொல்லிவிடுவது அவசியம், இல்லாவிட்டால் தூரத்துச் சித்தப்பாவிலும் வந்து நிற்கும்.

கடைசியாக, தாள் ஆங்கிலத்திலோ மலாயிலோ இருந்தாலும், டெபாசிட், ஆள் கணக்கு, வெள்ளம் ஆகிய மூன்றையும் தமிழில் ஒரே பக்கத்தில் எழுதி, உங்கள் 400 பேர் கணக்கையே உதாரணமாகப் போட்டு, அந்தப் பக்கத்திலும் கையெழுத்து வாங்குங்கள். இரண்டும் முரண்பட்டால் எது செல்லும் என்ற வரியும் அதில் இருக்கட்டும். புதிய தாளை அச்சடிக்குமுன் சிகாமட்டிலோ குளுவாங்கிலோ ஒரு வழக்கறிஞரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். இப்போதைய 11,000 விஷயத்துக்கு முதலில் சாலை மூடிய நேரத்தையும் கேட்டரிங்காரர் பில்லையும் கையில் எடுங்கள், அப்புறம் பெண்ணின் அப்பாவைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசுங்கள்.